இரண்டாவது வேலை துரோகம் என்னும் வாதம்

ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் வேறோர் இடத்திலும் வேலை பார்த்துப் பொருள் ஈட்டுகிறார் என்று தெரியவந்தால் அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு, நம் நிர்வாகிகளில் பெரும்பாலோர் யோசிக்க அவகாசமே எடுத்துக்கொள்ளாமல் சொல்லும் விடை ஒன்றுதான்: அது துரோகம், ஆகையால் அவரை நீக்கிவிட வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விப்ரோ நிறுவனத்தின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, மென்பொருள் துறையில் பரவிவரும் இரட்டை வேலை வெறும் ஏமாற்றுதான் என்று பகிரங்கமாக எழுதியதும், அடுத்த மாதமே 300 பேரை நீக்கியதாக அறிவித்ததும், இந்த அபிப்பிராயத்துக்கு ஒரு சித்தாந்தத்தின் கௌரவத்தை அளித்துவிட்டன. அன்றுமுதல், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளிகூட, தம் கணக்கர் மாலையில் இன்னொரு கடைக்குக் கணக்கெழுதுகிறார் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், பெரிய நிறுவனமே அப்படிச் செய்திருக்கும்போது நாம் செய்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். இந்தச் சித்தாந்தம் நியாயத்துக்கும் பொருந்தாதது, நிர்வாகத்துக்கும் உதவாதது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த 300 பேரைப் பற்றிய அறிவிப்பையே சற்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தம் நிறுவனத்துடன் நேரடியாகப் போட்டியிடும் நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட காரணம். ஒரே வாடிக்கையாளரை நாடி நிற்கும் இரு போட்டியாளர்களிடமும் ஒரே சமயத்தில் சம்பளம் வாங்குவது தவறு என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பவரும் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே தண்டிக்கப்பட்டது போட்டியாளருக்கு உழைத்தது. இரண்டாவது வேலை என்ற ஒன்று இருந்தது தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனம், மேலாளரின் முன் அனுமதி பெற்று, நிறுவனத்தின் நலனுக்கு முரண்படாத வெளிவேலைகளைத் தம் ஊழியர்கள் செய்யலாம் என்று தெரிவித்தது. ஒரே துறையில், ஒரே காலத்தில், இரு பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட இந்த இரு செய்திகளில் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதிலும் பாதியை மறந்துவிட்டு, ஊரெங்கும் ஒரு தர்மசாஸ்திரம் எழுதப்பட்டிருக்கிறது.

சட்டமும் அந்தத் தர்மசாஸ்திரத்துக்குத் துணை நிற்கவில்லை. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் மத்திய விதிகள் வகுத்த மாதிரி நிலையாணைகளில், தொழிலாளி தன் வேலையோடு கூடுதலாக வேறு வேலை ஏற்கலாகாது என்று ஒரு விதி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. முதலாளியின் நலனுக்குப் பாதகம் விளைக்கக்கூடிய வேலை எதுவோ, அதையே அது விலக்கியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இதைவிடக் கண்டிப்பானது: ஒரு தொழிற்சாலையில் அன்று வேலை செய்துவிட்ட ஒருவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய அனுமதிக்கலாகாது என்றது. அந்தக் கண்டிப்பின் நோக்கம் விசுவாசத்தைப் பாதுகாப்பதன்று. களைத்துப்போன கையும் உறக்கமில்லாத கண்ணும் சுழலும் இயந்திரத்துக்கு அருகில் செல்லக்கூடாது என்ற கவலையே அதன் வேர். விதிகளிலெல்லாம் இறுக்கமானது என்று நாம் கருதும் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் கூட, முன் அனுமதியில்லாமல் வேறு உத்தியோகம் பார்க்கலாகாது என்று தடுக்கும் அதே விதியில், இலக்கியம், கலை, விஞ்ஞானம் ஆகியவற்றில் அவ்வப்போது செய்யும் பணிக்கு அனுமதி வேண்டியதில்லை என்று வழி விட்டிருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தீமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அதைத் தடுப்பவை. ஆகவே இரண்டாவது வேலையைப் பற்றி ஒரு நிர்வாகி கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதனால் எனக்கு விளைந்த தீமை எது, அது எந்த நாளில், எந்த மணியில் விளைந்தது என்பதுதான்.

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைக் காட்ட ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்கிறேன். திருப்பூரை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆவணப் பிரிவில் ஓர் எழுத்தர் இருக்கிறார். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை அவர் வேலை. பேக்கிங் பிரிவிலிருந்து பெட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் வந்ததும் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் தயாரித்துச் சுங்க முகவருக்கு அனுப்ப வேண்டும். அவற்றைக் கொண்டே முகவர் ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்வார். கப்பல் கம்பெனி விதித்த கட்-ஆஃப் நேரத்துக்குள் கண்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் சரக்கு அடுத்த கப்பலுக்குப் போய்விடும்; வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார். இந்த எழுத்தர் சில காலமாகச் சிறு கடைக்காரர்கள் சிலருக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறார் என்ற பேச்சு அலுவலகத்தில் எழுகிறது. அதனால்தான் பேக்கிங் லிஸ்ட் தாமதமாகிறது என்று ஒருவர் முதலாளியின் காதில் போடுகிறார்.

துரோகச் சித்தாந்தக்காரர் இந்த இடத்தில் எழுத்தரை அழைத்து, உண்மையா பொய்யா என்று மிரட்டுவார். அவர் இல்லையென்று சொன்னால் பொய்யர், ஆமென்று சொன்னால் துரோகி. இரண்டு விடைகளுக்கும் முடிவு ஒன்றாகவே இருக்கும். விவேகமுள்ள நிர்வாகியோ, எழுத்தரை அழைக்குமுன் இரண்டு காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்வார். ஒன்று அவருடைய நியமன உத்தரவு: வெளிவேலையைப் பற்றி அதில் ஏதேனும் எழுதியிருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமென்றிருக்கிறதா, அல்லது முழு நேரமும் முழுக் கவனமும் நிறுவனத்துக்கே என்ற பொத்தாம்பொதுவான வாக்கியம் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மற்றொன்று, கடந்த மூன்று மாதங்களில் தாமதமாகப் போன ஆவணங்களின் பட்டியல். தேதியும் மணியும் அதில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒன்பது தாமதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பேக்கிங் பிரிவிலிருந்து எண்ணிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்பதை மின்னஞ்சலைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நான்கு நாட்களில் அந்த எண்ணிக்கையே மாலை ஆறு மணிக்கு மேல்தான் வந்திருக்கிறது என்று தெரிந்தால், அந்த நான்குக்கும் எழுத்தரும் பொறுப்பில்லை, அவருடைய இரண்டாவது வேலையும் பொறுப்பில்லை. மீதி ஐந்தில் நான்கு, மாதத்தின் 19, 20 ஆகிய தேதிகளில் விழுந்திருந்தால், அங்கேதான் உண்மை வெளிப்படுகிறது. ஏனென்றால் மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னின் கடைசி நாள் 20. அதற்கு முந்திய ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 11. அந்தத் தேதியை ஒட்டியும் தாமதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வெளிவேலைக்கென்று ஒரு தாளகதி உண்டு. மோதல் உண்மையாக இருந்தால் அது அந்தத் தாளகதியில்தான் நம் பதிவேட்டில் தெரியும். தாமதங்கள் மாதம் முழுவதும் சிதறிக் கிடந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் ஒருவரை நீக்கியவர்கள், அவர் போன பிறகும் பேக்கிங் லிஸ்ட் தாமதமாவதைக் கண்டு திகைத்து நிற்பார்கள்.

இனி எழுத்தரை அழைக்கலாம். தனியறையில், பிறர் கேளாதவாறு. நிர்வாகி பேச வேண்டிய பேச்சு மிகச் சுருக்கமானது: "தம்பி, சாயந்திரம் ஆறரைக்கு மேல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்கலீங்க. பத்தொம்பது, இருபது தேதியில மத்தியானத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க." பட்டியலை முன்னால் வைத்து இப்படிக் கேட்டால், பெரும்பாலும் மறைப்பதற்கு இடமிராது. "கடைக்காரங்க கொள்முதல் பில்லெல்லாம் பதினெட்டாந்தேதிதான் சார் கொண்டாந்து தர்றாங்க. கடைசி நாள் சாயந்திரமானா போர்ட்டல் நகரவே மாட்டேங்குது. ஓ.டி.பி. அவங்க போனுக்குத்தான் வரும், கூப்பிட்டுக் கேட்டு வாங்கணும். லேட்டானா நாளொண்ணுக்கு அம்பது ரூபா அவங்களுக்கு அபராதம் விழுகுது சார், அதான் மத்தியானமே முடிச்சிரலாம்னு..." என்று அவர் சொல்லக்கூடும். இந்தப் பதிலில் குற்ற ஒப்புதலை மட்டும் கேட்பவர் அதிலுள்ள பரிகாரத்தை இழந்துவிடுகிறார். மோதல் வேலையில் இல்லை. அந்த வேலை கடைசி இரண்டு நாட்களில் குவிவதில் இருக்கிறது. உள்ளீட்டு வரி விவரத்தைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி கிடைத்துவிடுகிறது. கடைக்காரர்கள் 12-ஆம் தேதிக்குள் கொள்முதல் பில்களைக் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அபராதம் அவர்களைச் சேரும் என்று எழுத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டால், 14 முதல் 17 வரையிலான நான்கு மாலைகளில், கடைகள் திறந்திருக்கும் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், போர்ட்டலில் நெரிசல் இல்லாத நேரத்தில், எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அதையும் மீறி ஏதேனும் மிஞ்சினால் 20-ஆம் தேதி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும்; கணக்கில் உள்ள விடுப்பு அவருடையது, அதை எதற்கு எடுக்கிறார் என்பது நிர்வாகியின் ஆராய்ச்சிக்குரிய விஷயமன்று.

இவ்வளவும் வாய்ப்பேச்சாக நின்றுவிடக்கூடாது. ஒரு பக்கத்துக்கு மிகாத அனுமதிக் கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அலுவலக நேரத்தில் வெளிவேலைக்காகத் தொலைபேசியையோ கணினியையோ தொடுவதில்லை என்பதும், நிறுவனத்தின் கணினியை எந்த நேரத்திலும் அதற்குப் பயன்படுத்துவதில்லை என்பதும், புதிய வாடிக்கையாளர் சேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்பதும், மூன்று மாதங்கள் கழித்து அதே தாமதப் பட்டியலை வைத்து மறுபடி பார்க்கப்படும் என்பதும் அதில் இருந்தால் போதும்.

இதே எழுத்தரின் வாடிக்கையாளர்களில் ஒருவர், இந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கே ஜாப் ஒர்க் செய்யும் நிட்டிங் யூனிட்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரவு பத்து மணிக்கு, தம் வீட்டில், தம் சொந்தக் கணினியில் எழுத்தர் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்; அலுவலக நேரத்தில் ஒரு நிமிஷமும் போகவில்லை. நேரக் கணக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகி இதில் குறை காண மாட்டார். ஆனால் இதுதான் உண்மையிலேயே அனுமதிக்கக்கூடாத வேலை. நிட்டிங்காரர் நமக்கு அனுப்பும் பில்லை இங்கே சரிபார்ப்பவரோ அதன் விவரத்தை அறிந்தவரோ, அங்கே அதே பில்லைக் கணக்கில் எழுதுபவராக இருக்கிறார். நாம் வேறு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலை என்ன என்பது அவர் மேஜையில் கிடக்கும் காகிதத்தில் இருக்கிறது. அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு நாள் பில்லில் வித்தியாசம் வந்தால், அவர் யோக்கியர் என்பதை அவராலேயே நிரூபிக்க முடியாத நிலையில் நிற்பார். ஆகவே நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எவருக்கும், போட்டியாளர் எவருக்கும் வேலை செய்வதில்லை என்ற நிபந்தனை கடிதத்தில் முதலாவதாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குச் செய்தாலும் இது பொருந்தும். எல்லா இரண்டாவது வேலையையும் ஒரே துரோகமாகப் பார்க்கிறவர்களுக்கு, கடைக்காரரின் ரிட்டர்னுக்கும் நிட்டிங்காரரின் ரிட்டர்னுக்கும் உள்ள இந்த மலைபோன்ற வேறுபாடு கண்ணிற்படுவதே இல்லை. தீங்கற்றதையும் அவர்கள் தண்டிப்பதால், தீங்கானதும் தீங்கற்றதும் சேர்ந்து ஒளிந்துகொள்கின்றன.

ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே என்பது நான் அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். கேட்கட்டும் என்பதே என் பதில். கேட்பவர் யாருக்கு, எந்த நேரத்தில் வேலை செய்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. கேட்காதவரைப் பற்றி நமக்குத் தெரிவது வதந்தி மட்டுமே. தடை போட்டவுடன் வெளிவேலைகள் நின்றுவிடுகின்றன என்று நம்புவது அனுபவத்துக்கு முரணானது. மாலையில் டியூஷன் எடுப்பவரும், தையல் எந்திரத்தை வீட்டில் வைத்திருப்பவரும், தம்பியின் கடையில் கல்லாவில் உட்காருபவரும் அதை விடமாட்டார்கள், சொல்வதை மட்டும் விட்டுவிடுவார்கள். பிறகு அவர்களைக் கண்டுபிடிக்க வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் துருவுவதும், சக ஊழியரை ஒற்றராக்குவதும் தொடங்கும். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வைப்பு நிதி எண் என்பதால், இன்னொரு நிறுவனம் முறைப்படி சந்தா செலுத்தினால் அகப்பட்டுக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்பவரும் டியூஷன் எடுப்பவரும் அந்த வலையில் சிக்குவதில்லை. அங்கேயும் ஒழுங்காகப் பதிவுபெற்று வேலை பார்த்தவரே சிக்குவார்.

அனுமதி கொடுத்து, நிபந்தனை எழுதி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தும் 20-ஆம் தேதியின் தாமதம் தொடர்கிறது என்றால் என்ன செய்வது? அப்போது கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். இரக்கத்தின் பெயரால் கண்ணை மூடிக்கொள்வது, அந்த நாளில் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்யும் பக்கத்து மேஜைக்காரருக்கு இழைக்கும் அநீதி. ஆனால் கண்டிப்புக்கும் முறை உண்டு. முதலில் விளக்கம் கேட்டு மெமோ. அது திருப்தியாக இல்லாவிட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பிறகு அவர் தம் பக்கத்தைச் சொல்லவும் சாட்சிகளைக் கேள்வி கேட்கவும் இடமளிக்கும் விசாரணை. குறிப்பாணையில் எழுதப்படும் வாசகமே இங்கு மிக முக்கியமானது. வேறு வேலை பார்த்து நிறுவனத்துக்குத் துரோகம் செய்தார் என்று எழுதினால், எந்த விதியின் எந்த உறுப்பு மீறப்பட்டது என்ற கேள்விக்கு விடையிராது. இன்ன தேதியில், பிற்பகல் இன்ன மணி முதல் இன்ன மணி வரை இருக்கையில் இல்லை, மூன்று மணிக்குக் கிடைத்த எண்ணிக்கைக்கு ஆறே கால் வரை பேக்கிங் லிஸ்ட் தயாராகவில்லை, இன்ன தேதியிட்ட அனுமதிக் கடிதத்தில் அலுவலக நேரத்தைப் பற்றிய நிபந்தனை மீறப்பட்டது என்று எழுதினால், ஒவ்வொரு சொல்லுக்கும் காகிதம் இருக்கும். தமிழ்நாட்டில் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கலாகாது என்கிறது. முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால், துர்நடத்தைக் குற்றச்சாட்டு விசாரணையில் பதிவான போதிய சாட்சியத்தால் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். கோபத்தில் ஒரே நாளில் அனுப்பிவைத்த முதலாளி, மேல்முறையீட்டில் தோற்று, சம்பளப் பாக்கியோடு அதே ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரலாம்.

எந்தப் பேச்சுக்கும் இடமின்றி மறுக்க வேண்டிய வகையும் ஒன்று உண்டு. பகலெல்லாம் நிறுவனத்தின் வேனை ஓட்டுகிறவர் இரவில் வாடகைக் கார் ஓட்டுகிறார் என்றால், பாய்லரைக் கவனிப்பவர் இரவுக் காவலுக்கும் போகிறார் என்றால், அவர் அலுவலக நேரத்தில் ஒரு நிமிஷமும் தவறாமல் வந்து நின்றாலும் அந்த நேரம் முழுவதும் ஆபத்தானது. அங்கே தாமதப் பட்டியலுக்காகக் காத்திருக்கக்கூடாது. முதல் விபத்தே அந்தப் பட்டியலின் முதல் வரியாக அமைந்துவிடும். அவருக்கு ஏன் இரவு வண்டி தேவைப்படுகிறது, பகல் வேலையின் சம்பளம் அவருடைய குடும்பத்துக்குப் போதுகிறதா என்று கேட்க வேண்டிய கடமை மறுக்கிறவருக்கு உண்டு. அவர் உறக்கத்தை விற்றுத்தான் வாடகை கட்டுகிறார் என்று தெரிந்தும் தடையை மட்டும் விதிப்பது நேர்மையாகாது.

நேரத்தின் பெயரால் பேசும் முதலாளிகளிடம் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஒன்பதரை முதல் ஆறரை வரை என்று கோடு கிழித்துவிட்டால் அந்தக் கோடு இரு பக்கத்தாரையும் கட்டும். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, நாளைக் காலைக்குள் இன்வாய்ஸைத் திருத்தி அனுப்பு என்று சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பெட்டி எண்ணிக்கையை அனுப்பி உடனே பதில் கேட்பதும், அந்த எழுத்தரின் நேரத்தில் கை வைப்பதேயாகும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஊதியம் தர வேண்டும் என்று அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த ஊதியத்தையும் கொடாமல், மாலையையும் எடுத்துக்கொண்டு, அந்த மாலையில் அவர் வேறு பத்து ரூபாய் சம்பாதித்தால் துரோகம் என்று குற்றஞ்சாட்டுகிறவர், தாம் வாங்கியது ஒன்பது மணி நேரமா, ஒரு மனிதரின் நாள் முழுவதுமா என்பதை நியமன உத்தரவை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். நாள் முழுவதும் தமக்கு வேண்டும் என்பது அவர் எண்ணமானால், அதற்குரிய சம்பளத்தையும் அந்த உத்தரவிலேயே எழுதித் தரட்டும்.